அப்பாவின் ஷேரும் கம்பெனியின் விதியும்



தோட்டம் கைமாறினால் வி.ஏ.ஓ.வைப் பார்ப்பது, பட்டா மாற்றுவது எல்லாம் கோபிக்காரர்களுக்கு அத்துப்படி. அப்பா காலமான பின் பீரோவில் குடும்ப மில்லின் ஷேர் சர்டிபிகேட் கிடைத்தால்தான் திகைக்கிறோம். "சித்தப்பா பாத்துக்குவாருங்க" என்று மறுபடி உள்ளேயே வைத்துவிடுகிறோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு ரங்கராஜ் வழக்கைச் சொல்வேன். பாலுசாமி நாயுடு, குருவையா நாயுடு இருவரின் குடும்பக் கம்பெனி அது. மொத்தமே 50 ஷேர், ஆளுக்கு 25. இரு கிளைகளுக்கும் எப்போதும் சமபங்கு, விற்பவர் முதலில் தன் கிளையாரிடம்தான் கேட்க வேண்டும் என்று 1951-ல் வாய்ப்பேச்சாக முடிவு செய்தார்கள். பெரியவர்கள் மறைந்தபின் பாலுசாமியின் மகன் ஒருவர் தன் ஷேர்களை எதிர்க்கிளைக்கு விற்றார். உடன்பிறந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்த ஒப்பந்தம் நின்றது. 1991-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கம்பெனியின் விதிகளில், அதாவது ஆடிட்டர்கள் சொல்லும் 'ஆர்ட்டிகிள்ஸ்'-இல், எழுதாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது என்றது.

எழுதியிருந்தாலோ இறுக்கிப் பிடிக்கும். அதே கம்பெனியின் 13-ஆம் விதியைப் பாருங்கள். வாரிசு உறுப்பினராகச் சேரலாம். அவர் விரும்பாவிட்டால் அந்த ஷேர்களை முகமதிப்பிலேயே மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம், அல்லது பெரும்பான்மையினர் சம்மதத்தோடு புதியவருக்குக் கொடுக்கலாம். இந்த 'முகமதிப்பு'தான் வலிக்கும் இடம். இதே விதியுள்ள கம்பெனியில் உங்கள் அப்பாவிடம் 100 ரூபாய் ஷேர் 200 இருந்ததாக வையுங்கள். மில் இடம் கோடிகள் போனாலும், "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மகளின் கையில் வருவது 20,000 ரூபாய்தான்.

அதனால் எதிலும் கையெழுத்துப் போடுமுன் உங்கள் கம்பெனியின் விதிகளைப் படியுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணத்துக்குப் பார்க்கலாம்; சித்தப்பாவிடம் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, பெயர் மாற்றக் கடிதம். வாரிசுக்கு வருவது விற்பனை இல்லையென்பதால் மாற்றுப் பத்திரம் தேவையில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று முதலியவற்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கடிதம் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. மறுப்பதானால் 30 நாளுக்குள் காரணத்தோடு கம்பெனி சொல்ல வேண்டும். மறுப்பு வந்தால் அடுத்த 30 நாளுக்குள் சென்னையிலுள்ள கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம். பதிலே வராவிட்டால் கடிதம் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள்.

சட்டத்தின் மாதிரி விதிகளை ஏற்ற கம்பெனிகளில், பெயர் ஏறும்வரை வாரிசுக்கு டிவிடெண்டில் உரிமை உண்டு, கூட்டத்தில் ஓட்டு கிடையாது. "பெயர் மாத்தறது மெதுவா ஆவட்டும்" என்று உள்ளே இருப்பவர்கள் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த ஓட்டுக்காகத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்