‘காசு விழேல்லை’ எண்டு சொல்லும் வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது?

வாடகை அனுப்பிய பிறகும் “இந்த மாதக் காசு இன்னும் விழேல்லையே பிள்ளையள்” என்று செய்தி வந்தால், எங்களில் அநேகமானோர் செய்வது ஒன்றுதான். “அனுப்பிட்டமே அன்ரி” என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு ஸ்க்ரீன்ஷொட். அதோடு எங்கட வேலை முடிந்தது, இனி அவையின்ர பாடு என்று நினைக்கிறோம். இந்தப் பழக்கம் பிழை என்பதுதான் எங்கட வாதம். காசு அனுப்பினதைச் சொல்வது வேறு, அதை மற்றவர் தானே பார்த்து உறுதிப்படுத்தும்படி சொல்வது வேறு.

போர்டிங் அறைகளில் எழுத்து ஒப்பந்தம் இருப்பது அருமை. பற்றுச்சீட்டு அதைவிட அருமை. முந்தி கையில் காசு கொடுத்தபோது அன்ரி ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைப்பா, நாங்களும் எட்டிப் பார்ப்போம். இப்ப காசு ஃபோனில் போகிறது, அந்தக் கொப்பி இல்லாமல் போய்விட்டது. அதன் இடத்தை நிரப்ப வேண்டியது நாங்கள் எழுதும் செய்திதான்.

ஸ்க்ரீன்ஷொட் ஏன் போதாது? முதலாவது, அது எங்கட ஃபோனில் இருந்து வருகிற படம். அதைத் திருத்தலாம் என்பது இப்ப எல்லாருக்கும் தெரியும். மகாபொல பிந்தினால் வாடகையும் பிந்துகிற வீடுகளில் எத்தனையோ சாட்டுகளைக் கேட்டுப் பழகிய வீட்டுக்காரர் அதை நம்பாவிட்டால் கோபிக்க முடியாது. இரண்டாவது, ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் வருகிற திரை எங்கட பக்கத்துக் கதையை மட்டுமே சொல்கிறது. கணக்கு இலக்கத்தில் ஒரு எண் மாறி, அந்த இலக்கம் வேறொருவருடையதாக இருந்தால், அப்போதும் பச்சைதான் வரும். செயலியில் ‘வீட்டு அன்ரி’ என்று சேமித்து வைத்திருப்பது நாங்கள் வைத்த பெயர். காசு கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் போகிறது.

ஆகவே பதில் எழுத முன்னம் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். அன்ரி தந்த கணக்கு இலக்கத்தையும் காசு போன இலக்கத்தையும் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுவது ஒன்று. எங்கட கணக்குக் கூற்றைத் திறந்து, கழிந்த காசு பிறகு திரும்பி வரவில்லை என்று உறுதிப்படுத்துவது மற்றது. சில நேரம் கழிந்த காசு அடுத்த நாள் சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கும். அதைப் பார்க்காமல் “அனுப்பினாங்கள்” என்று வாதாடினால் மானம் போகும்.

ஒரு சம்பவத்தை எடுப்போம். எங்களில் இருவர் இருக்கும் அறைக்கு மாதம் 12,000 ரூபா. 2025 ஆகஸ்ட் மாத வாடகையை ஆகஸ்ட் 4ஆம் திகதி அனுப்பினார்கள். பரீட்சை காலம் என்றதால் செப்டம்பர் வாடகையை முன்கூட்டியே ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் 8ஆம் திகதி அன்ரியிடம் இருந்து செய்தி: “செப்டம்பர் வாடகை வரேல்லை.” அன்ரி பொய் சொல்லவில்லை. அவ செப்டம்பர் 1ஆம் திகதியில் இருந்துதான் தேடியிருக்கிறா. அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் இரண்டு 12,000 இருந்தது. அது அவவின் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் மற்ற அறைக்காரரும் அதே 12,000தான் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஸ்க்ரீன்ஷொட் அனுப்பியிருந்தால், “இது ஆகஸ்ட் காசுதானே” என்று பதில் வந்திருக்கும். படத்தில் இருப்பதும் ஆகஸ்ட் திகதிதான். அங்கே இருந்து சண்டை தொடங்கும். எங்கட ஆக்கள் எழுதினது இப்படி:

“அன்ரி வணக்கம். செப்டம்பர் வாடகை 12,000 ரூபாவை நாங்கள் ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை காலமை 11.42க்கு அனுப்பினனாங்கள். 4417 எண்டு முடியிற எங்கட கணக்கில இருந்து, 0863 எண்டு முடியிற உங்கட கணக்குக்குப் போயிருக்கு. குறிப்பில SEP RENT ROOM 2 எண்டு போட்டிருக்கிறம். வங்கி தந்த பரிமாற்ற இலக்கத்தைக் கீழ தனியா அனுப்புறம். ஆகஸ்ட் வாடகை வேற, அது ஆகஸ்ட் 4 போட்டது. அதால ஆகஸ்ட் மாதத்தில எங்கட 12,000 ரெண்டு தரம் இருக்கும். ஒருக்கா ஆகஸ்ட் 29க்கு நேர பாருங்கோ. அங்க இல்லையெண்டால் சொல்லுங்கோ, வங்கிக்குப் போய் முத்திரை குத்தின கூற்று எடுத்துக்கொண்டு வாறம்.”

இதில் எது வேலை செய்தது என்று பாருங்கள். எந்த மாத வாடகை என்பது முதலே வந்துவிட்டது. பிறகு திகதி, நேரம், தொகை. இரண்டு கணக்கினதும் கடைசி நான்கு இலக்கங்கள், முழு இலக்கம் தேவையில்லை. குழப்பம் வந்த இடத்தை, அதாவது ஆகஸ்டில் இரண்டு தரம் என்பதை, அவர்களே எடுத்துச் சொன்னார்கள். கடைசியில் அன்ரி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ஒரு திகதிக்கு நேரே பார்ப்பது. “வடிவாப் பாருங்கோ” என்று சொல்வதற்கும் “ஆகஸ்ட் 29க்கு நேர பாருங்கோ” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது உதவி.

பரிமாற்ற இலக்கத்தைத் தனிச் செய்தியாக அனுப்புவதற்கும் காரணம் உண்டு. அன்ரி அதை அப்படியே வங்கியில் காட்டலாம், அல்லது கணக்கைப் பார்க்கிற மகனுக்கு அனுப்பிவிடலாம். பல வீடுகளில் கணக்கு ஒருவர் பெயரில், வங்கியின் குறுஞ்செய்தி போவது இன்னொருவர் ஃபோனுக்கு. வாடகை கேட்கிறவ காசு வந்ததைப் பார்க்கிறவ இல்லை. படமும் அனுப்பத்தான் வேண்டுமென்றால், மீதித் தொகையை வெட்டிவிட்டு அனுப்புங்கள். எங்கட கணக்கில் எவ்வளவு கிடக்கு என்பது வாடகைப் பேச்சுக்குத் தேவையில்லாதது. வைப்பு மெஷினில் காசு போடுகிறவர்கள் துண்டை அன்றைக்கே படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.

இந்தச் செய்தி எல்லாவற்றையும் தீர்க்காது. அன்ரியின் கணக்கில் அந்த வரி உண்மையாகவே இல்லை என்றால், இனி வாட்ஸ்அப்பில் பேசிப் பயனில்லை. பரிமாற்ற இலக்கத்தோடு எங்கட வங்கிக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பிழையான கணக்குக்குப் போயிருந்தால் ஒவ்வொரு நாளும் பெறுமதி, அங்கே உள்ளவர் காசை எடுத்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

இவ்வளவும் எங்கட பக்கம். வீட்டுக்காரரிடமும் ஒன்று கேட்க வேண்டும், கேட்பதற்கு எங்களுக்கு உரிமையும் இருக்கிறது. காசு கண்டதும் “செப்டம்பர் கிடைச்சது” என்று இரண்டு சொல் எழுதுங்கள். வாடகை பிந்தினால் மூன்றாம் நாளே செய்தி வருகிறது, வந்தால் மட்டும் ஏன் மௌனம்? அந்த இரண்டு சொல்தான் இப்ப எங்கட பற்றுச்சீட்டு. அது ஒவ்வொரு மாதமும் இருந்தால், ஆகஸ்ட் 4க்குக் கீழே “ஆகஸ்ட் கிடைச்சது” என்றும் ஆகஸ்ட் 29க்குக் கீழே “செப்டம்பர் கிடைச்சது” என்றும் இருந்திருக்கும். ஒருத்தரும் ஒருத்தரையும் சந்தேகப்பட்டிருக்கத் தேவையில்லை.