36 சதவீதமும் ஒரு நட்சத்திரக் குறியும்

லிப்பிட்டார் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரைக்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்த காலம் ஒன்று உண்டு. "மாரடைப்பு ஆபத்தை 36 சதவீதம் குறைக்கிறது" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 36-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அது எங்கே போகிறது என்று தேடினால், பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ஒரு பெரிய ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கு மாரடைப்பு வந்தது, லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதத்தினருக்கு வந்தது.

மேலே இருப்பதும் உண்மை, கீழே இருப்பதும் உண்மை. ஒரே ஆய்வின் ஒரே முடிவு. பிறகு ஏன் ஒன்று கொட்டை எழுத்திலும் இன்னொன்று எறும்பு எழுத்திலும் இருக்கிறது? விளம்பரக்காரர்களையாவது மன்னிக்கலாம், விற்பது அவர்கள் தொழில். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் முடிவுப் பத்தியை எழுதுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கணக்கைப் பார்த்துவிடலாம், கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த ஆய்வின் பெயர் அஸ்காட். அதன் கொழுப்பு மாத்திரைப் பகுதி 2003-ல் லான்செட் இதழில் வந்தது. ரத்த அழுத்தமும் அதோடு வேறு சில ஆபத்துக் காரணிகளும் உள்ளவர்கள், ஆனால் அதுவரை மாரடைப்பு வராதவர்கள். 5,168 பேருக்கு மாத்திரை, 5,137 பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் 3.3 வருடம் கவனித்தார்கள். வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 154 பேருக்கு மாரடைப்பு வந்தது அல்லது இதய நாள நோயால் மரணம் நேர்ந்தது. மருந்துக் கூட்டத்தில் அது 100 பேர்.

1,000 பேருக்கு என்று மாற்றினால் 30 பேர், 19 பேர். 30 என்பது 19 ஆனது. 11 குறைவு. இந்த 11-ஐ 30-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 36 சதவீதம். இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க் ரிடக்‌ஷன், தமிழில் ஒப்பீட்டுக் குறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதே 11-ஐ 1,000-ஆல் வகுத்தால் 1.1 சதவீதப் புள்ளி. இது அப்சல்யூட் ரிஸ்க் ரிடக்‌ஷன், அதாவது நேர்க் குறைப்பு. மேலே இருக்கும் 11 மாறவே இல்லை. கீழே எதை வைத்து வகுத்தோம் என்பதுதான் மாறியது. (துல்லியமாகச் சொன்னால் கட்டுரையின் 36, நோய் எப்போது வந்தது என்ற கால அளவையும் சேர்த்துக் கணித்த விகிதம். வெறும் வகுத்தலில் 35.5 வரும். பெரிய வித்தியாசம் இல்லை.)

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். சுமார் 94 பேர் 3.3 வருடம் தினமும் மாத்திரை விழுங்கினால் ஒருவருக்கு அந்த நிகழ்வு தவிர்க்கப்படும். மீதி 93 பேரில் பெரும்பாலோருக்கு மாத்திரை இல்லாமலும் வந்திருக்காது, சிலருக்கு மாத்திரை சாப்பிட்டும் வந்தது. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் "பரவாயில்லை, சாப்பிடுகிறேன்" என்று சொல்லலாம். நியாயமான முடிவு. இன்னொருவர் "வேண்டாம்" என்று சொல்லலாம், அதுவும் நியாயமே. வெறும் 36-ஐ மட்டும் கேட்டவருக்கு இந்த இரண்டில் எதையும் யோசிக்க வழியில்லை. 100 பேர் சாப்பிட்டால் 36 பேர் பிழைப்பார்கள் என்றுதான் அவர் காதில் விழும்.

தமிழில் இது இன்னும் மோசம். "36 சதவீதம் குறைந்தது" என்பதற்கும் "36 சதவீதமாகக் குறைந்தது" என்பதற்கும் இடையே ஒரு "ஆக" மட்டுமே. அவசரத்தில் மொழிபெயர்க்கும் செய்தியாளர் அதை ஒட்டினாலும் விட்டாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. 3 சதவீதம் 2 சதவீதமானதை "1 சதவீதம் குறைந்தது" என்று எழுதினாலும் குழப்பம்தான். 3-ல் ஒரு சதவீதமா, 100-ல் ஒன்றா? "1,000 பேரில் 30 பேர் 19 ஆனார்கள்" என்று தலைகளை எண்ணி எழுதினால் எந்த விகுதியும் காலை வாராது.

ஒப்பீட்டுக் கணக்குக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். நேர்க் குறைப்பு ஆளுக்கு ஆள் மாறும், ஒப்பீட்டுக் குறைப்புதான் பல கூட்டங்களில் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், ஆகவே அதுதான் மருந்தின் உண்மையான குணம் என்று. முதல் பாதி சரி. அதனால்தான் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மருத்துவர் அந்த 36-ஐ வைத்து என்ன செய்வார்? முன்னால் உட்கார்ந்திருப்பவரின் ஆபத்து 1,000-ல் 10 என்றால் அது 6 அல்லது 7 ஆகும். 1,000-ல் 200 என்றால் 128 ஆகும். ஒருவருக்கு அற்பம், இன்னொருவருக்கு உயிர். எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாமல் 36-க்கு அர்த்தமே இல்லை. எந்தப் பொருளுக்கு என்று சொல்லாமல் "பாதி விலை" என்று மட்டும் பலகை மாட்டின ஜவுளிக்கடை மாதிரி. கைக்குட்டைக்கா, பட்டுப்புடவைக்கா?

இதற்கு ஒரு அருமையான சாட்சி உண்டு. 1994-ல் வெளியான 4எஸ் என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வு. இதே வகை மருந்து (சிம்வாஸ்டாடின்), ஆனால் ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்கள். சுமார் 5.4 வருடத்தில் வெற்று மாத்திரைக் கூட்டத்தின் 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள். மருந்துக் கூட்டத்தின் 2,221 பேரில் 182 பேர். ஒப்பீட்டுக் குறைப்பு 30 சதவீதம். அஸ்காட்டின் 36-ஐ விடக் குறைவு! ஆனால் நேர்க் குறைப்பு 3.3 புள்ளி, அதாவது 30 பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அதுவும் எந்தக் காரணத்தால் வந்த மரணமானாலும் சரி. அஸ்காட்டில் மொத்த மரணங்கள் 212-லிருந்து 185 ஆனாலும் அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாத அளவே. கால அளவும் நிகழ்வும் வேறு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 36, 30 என்ற இரண்டு எண்களை மட்டும் படித்தவர் எந்த ஆய்வில் நோயாளிக்கு அதிக லாபம் என்று நினைப்பார்?

எதிர்ப்பக்கத்திலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. இரு மடங்கு! 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பமே அந்த மாத்திரையை விட அதிக ரத்தக்கட்டு ஆபத்து கொண்டது என்பது தனிக் கொடுமை.

இதில் மிகக் கெட்டிக்காரத்தனமான வகை, நன்மையை ஒப்பீட்டிலும் தீமையை நேர்க் கணக்கிலும் ஒரே பத்தியில் எழுதுவது. "மாரடைப்பு 36 சதவீதம் குறைந்தது, பக்க விளைவு 1 சதவீதம் மட்டுமே கூடியது" என்கிற மாதிரி. இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். ஒரு எண் மட்டும் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பத்தியில் இப்படி இரண்டு அளவுகோல் தென்பட்டால் உடனே அட்டவணையைத் தேடிப் போய் 154, 100 மாதிரியான அசல் எண்ணிக்கைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அவையும் இல்லாவிட்டால் அந்தப் பத்தியை நம்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இரண்டையும் தரச் சொல்லி கன்சார்ட் என்ற ஆய்வறிக்கை நெறிமுறை 2010-லேயே சொல்லிவிட்டது. "இடமில்லை, சொல் வரம்பு" என்பது வழக்கமான பதில். சரி, இடத்தையும் பார்த்துவிடலாம். வழக்கமான வரி: "மருந்து மாரடைப்பையும் இதய மரணத்தையும் 36 சதவீதம் குறைத்தது." இதற்குப் பதிலாக:

"3.3 வருடத்தில், வெற்று மாத்திரை பெற்ற 1,000 பேரில் 30 பேருக்கும், மருந்து பெற்ற 1,000 பேரில் 19 பேருக்கும் மாரடைப்போ இதய மரணமோ நேர்ந்தது. 1,000-க்கு 11 பேர் குறைவு (உண்மையான அளவு 5 முதல் 17 வரை இருக்கலாம்). ஒப்பீட்டில் இது 36 சதவீதக் குறைப்பு."

மூன்று வாக்கியம். நட்சத்திரக் குறி தேவைப்படவில்லை.