மாதம் 12,000 ரூபாயா, கையில் 11.8 லட்சமா?

ரிட்டயர் ஆகப்போகும் மத்திய அரசு ஊழியரின் வீட்டில் கடைசி சில மாதங்கள் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். "கம்யூட்டேஷன் எழுதிக் கொடுத்திரலாமா, வேண்டாமா?" பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக அரசாங்கம் மொத்தமாக ஒரு தொகை தரும். மகன் வாங்கச் சொல்வார், மைத்துனர் வேண்டாம் என்பார். இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உதாரணத்துக்கு, பாளையங்கோட்டையில் தபால் துறையில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2004-க்கு முன்பே பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். அடிப்படை பென்ஷன் 30,000 ரூபாய். இதில் அதிகபட்சம் 40 சதவீதம், அதாவது மாதம் 12,000 ரூபாயை அவர் விட்டுக்கொடுக்கலாம்.

அதற்கு எவ்வளவு கிடைக்கும்? அடுத்த பிறந்தநாளில் எத்தனை வயது என்று பார்ப்பார்கள். 61 என்றால் அரசு அட்டவணையில் அதற்கான எண் 8.194. ஆக 12,000 × 12 × 8.194 = 11,79,936 ரூபாய்.

பதிலுக்கு 15 வருடங்கள் மாதாமாதம் 12,000 ரூபாய் பிடிப்பார்கள். அதன்பிறகு முழு பென்ஷன் திரும்பிவிடும். இந்த 15 வருட வரம்பு, 'காமன் காஸ்' அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் வந்தது. அதற்கு முன்பு ஆயுள் முழுக்கப் பிடித்தம்தான். 12 வருடமாகக் குறைக்க வேண்டும் என்று இப்போது ஊழியர் சங்கங்கள் கேட்டுவருகின்றன.

21.6 லட்சம் என்பது ஏமாற்றும் எண்

180 மாதங்களுக்கு 12,000 என்று பெருக்கினால் 21,60,000 ரூபாய் வரும். "21 லட்சத்தை விட்டுட்டு 11 லட்சத்தை வாங்குறதா?" என்று மைத்துனர் கேட்பது இதை வைத்துத்தான். ஆனால், இன்று கையில் இருக்கும் 12,000 ரூபாயும், 15 வருடம் கழித்து வரப்போகும் 12,000 ரூபாயும் ஒன்றல்ல.

வங்கியில் 8 சதவீத வட்டி, மாதாமாதம் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து 12,000 வேண்டுமானால் இன்று 11,080 ரூபாய் போட்டால் போதும். 15 வருடம் கழித்து 12,000 வேண்டுமானால் இன்று 3,629 ரூபாயே போதும். அந்தக் கடைசித் தவணையின் 'இன்றைய மதிப்பு' அவ்வளவுதான். இப்படி 180 தவணைகளுக்கும் தனித்தனியே இன்றைய மதிப்பைக் கண்டு கூட்டினால் சுமார் 12.56 லட்சம் வருகிறது. 21.6 லட்சத்தின் உண்மையான எடை இதுதான்.

ஆக, 8 சதவீத வட்டிக் கணக்கில் 12.56 லட்சத்தை விட்டு 11.8 லட்சத்தை வாங்குகிறார். நஷ்டம், ஆனால் மைத்துனர் சொல்லும் அளவுக்கு இல்லை. வட்டி விகிதம் மாறினால் பதிலும் மாறும். 6 சதவீதம் என்றால் தவணைகளின் மதிப்பு 14.22 லட்சம். 10 சதவீதம் என்றால் 11.17 லட்சமாக இறங்கி, மொத்தத் தொகையே லாபமாகிவிடும். இரண்டும் சமமாகும் இடம் 9 சதவீதத்தைச் சற்றே தாண்டி இருக்கிறது. மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=RATE(180,-12000,1179936)*12
```

சுமார் 9.05 சதவீதம் காட்டும். உங்கள் பிடித்தத்தையும் தொகையையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கம்யூட்டேஷன் என்பது ஏறக்குறைய 9 சதவீத வட்டியில் அரசிடம் வாங்கும் 15 வருடக் கடன் என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பணம் எங்கே போகப்போகிறது?

அந்தப் பணத்தை அப்படியே டெபாசிட் போடத்தான் வாங்குகிறார் என்றால் லாபமில்லை. 8.2 சதவீதம் தரும் கணக்கில் போட்டு, மாதம் 12,000 எடுத்துவந்தால் 13 வருடம் 7 மாதத்தில் கணக்கு காலியாகும். பிடித்தமோ இன்னும் 16, 17 மாதம் தொடரும்.

அதே குடும்பத்தில் மகள் கல்யாணத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கிய கடன் இருந்தால் கதையே வேறு. அது வருடத்துக்கு 24 சதவீதம். 9 சதவீதக் கடனை வாங்கி 24 சதவீதக் கடனை அடைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. 12 சதவீத நகைக்கடனுக்கும் இதே பதில்தான்.

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வாங்கிப் போடலாம் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. குத்தகை நெல்லின் விலையும் நிலத்தின் விலை ஏற்றமும் சேர்ந்து வருடத்துக்கு 9 சதவீதத்தைத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும். கார், பிசானம் இரண்டும் விளையும் வருடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அணையில் தண்ணீர் இல்லாமல் கார் தவறும் வருடங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டிக் கணக்கில் வராதவை

முதலாவது, ஆயுள். பென்ஷன்தாரர் இடையில் காலமானால் பிடித்தம் அதோடு நின்றுவிடும். பாக்கியை யாரும் கட்ட வேண்டியதில்லை. மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்திலும் குறையாது. நம் உதாரணத்தில் 8 வருடம் 2 மாதம் வரை பிடித்தது அவர் வாங்கிய அசலைக்கூட எட்டியிருக்காது. உடல்நிலை சரியில்லாதவருக்கு இந்த 9 சதவீதக் கடன் மிக மலிவாக முடியலாம். நீண்ட ஆயுள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் முழு 15 வருடமும் கட்டுவார் என்றே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, வருமான வரி. அரசு ஊழியருக்குக் கம்யூட்டேஷன் தொகை முழுவதுக்கும் வரி இல்லை. மாத பென்ஷன் வரிக்கு உட்பட்டது. வாடகை போன்ற மற்ற வருமானமும் சேர்ந்து 20 சதவீத வரி கட்டுபவருக்கு, அந்த 12,000-ல் கையில் நிற்பது 9,600 தான். அவருக்குச் சமமாகும் வட்டி சுமார் 5.4 சதவீதமாக இறங்கிவிடும். டெபாசிட் வட்டிக்கும் வரி உண்டு என்பதையும் அவர் மறக்கக்கூடாது. வரியே வராதவருக்கு 9 தான் 9.

அகவிலை நிவாரணம் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. அது பிடித்தத்துக்கு முந்தைய முழு 30,000 ரூபாய்க்குத்தான் கணக்கிடப்படும். கம்யூட்டேஷனால் குறையாது.

40 சதவீதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அடைக்க வேண்டிய கடன் 5 லட்சம் என்றால் மாதம் 5,100 ரூபாயை மட்டும் விட்டுக்கொடுத்தால் 5.01 லட்சம் கிடைத்துவிடும். மீதி 6,900 ரூபாய் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது, அதன்பிறகு உண்டு. நடைமுறைக்கு வந்தபின் ரத்து செய்ய முடியாது.

தமிழ்நாடு அரசின் பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரம்பு மூன்றில் ஒரு பங்கு. தங்கள் வயதுக்கான எண்ணை அலுவலகத்தில் கேட்டு, அதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் எத்தனை சதவீதம் என்று நிரப்புவதற்கு முன், பணம் போகப்போகும் இடத்தின் வட்டியை ஒரு தாளில் எழுதி, சமமாகும் வட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.