கோரிக்கை மனு: 2023 நவம்பர் மாதப் பி.எப். தொகையை உறுப்பினர் கணக்கில் சேர்ப்பது குறித்து

அனுப்புநர்:
செயலாளர்,
மருத்துவமனை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் சங்கம்.

பெறுநர்:
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்.

நாள்: நவம்பர் 2024

ஐயா,

அரசு மருத்துவமனையில் ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரியும் தூய்மைப் பணியாளர்களின் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது.

கடந்த பிப்ரவரியிலும் ஜூனிலும் தங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரையும் பெற்றோம். 2023 நவம்பர் மாதச் சம்பளத்தில் பிடித்த பி.எப். தொகை எங்கள் பாஸ்புக்கில் ஏறவில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தோம். பிப்ரவரி மனுவுக்குப் பதிலே இல்லை. ஜூன் மனுவுக்கு, “நவம்பர் மாதப் பதிவு உள்ளது, மனு முடிக்கப்பட்டது” என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் தவறு என்பதை, இணைத்துள்ள பாஸ்புக் ஸ்கிரீன்ஷாட்டை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறோம்.

அது எங்கள் உறுப்பினர் ஒருவரின் 2023-24 ஆம் ஆண்டுப் பக்கம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து அவருக்கு மாதம் 14,000 ரூபாய். ஒவ்வொரு மாத வரியிலும் பணியாளர் பங்கு 1,680, வேலையளிப்பவர் பங்கு 514, ஓய்வூதியம் 1,166 என்று இருக்கிறது. 514 ரூபாயைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. வேலையளிப்பவர் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது, மிச்சம்தான் அந்தப் பத்தியில் நிற்கிறது, இரண்டையும் கூட்டினால் 1,680 வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஓய்வூதியப் பத்திக்கு வட்டி கிடையாது என்பதும் தெரியும். விவரம் புரியாமல் புகார் செய்கிறோம் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லப்பட்டதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் பதில் சுட்டிய வரி `Cont. For Due-Month 112023` என்பது. 11 என்ற எண்ணைப் பார்த்து, அது நவம்பர் சம்பளத்துக்கான பணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அது பணம் கட்ட வேண்டிய மாதம். ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எப். தொகையை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஆகவே 112023 என்ற வரியில் இருப்பது அக்டோபர் சம்பளத்தின் பணம். அதே வரியின் முதல் பத்தியில் சம்பள மாதம் `Oct-2023` என்றே அச்சாகியிருக்கிறது. நவம்பர் சம்பளத்துக்கான பணம் 122023 என்ற வரியில் வந்திருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் 112023-க்கு அடுத்த வரி 012024. அந்தப் பக்கத்தில் மார்ச் சம்பளம் முதல் பிப்ரவரி சம்பளம் வரை பன்னிரண்டு வரிகள் இருக்க வேண்டும், பதினொன்றுதான் இருக்கின்றன.

இதைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் காட்டியபோது, “பணம் வந்திருக்கும், திரையில் மட்டும் விட்டுப்போயிருக்கும்” என்றார்கள். பணம் வரவில்லை என்பதற்கு அதே பக்கத்தின் வட்டி வரி, `Int. Updated upto 31/03/2024`, சாட்சி சொல்கிறது.

அந்த ஆண்டு வட்டி 8.25 சதவீதம். ஒரு மாதம் வரவாகும் தொகைக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வட்டி கணக்காகும். ஏப்ரலில் வந்த தொகைக்கு 11 மாத வட்டி, மே மாதத்துக்கு 10 என்று குறைந்துகொண்டே போய், பிப்ரவரியில் வந்ததற்கு ஒரு மாதமும் மார்ச்சில் வந்ததற்கு ஒன்றுமில்லாமலும் முடியும். கூட்டினால் 66 மாதம். இவருடைய பணியாளர் பங்கின் தொடக்க இருப்பு 61,200 ரூபாய். அதற்கு ஓராண்டு வட்டி 5,049. மாதத் தொகை 1,680-க்கு 66 மாத வட்டி 762. ஆக மொத்தம் 5,811 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். திரையில் இருப்பது 5,777. குறைகிற 34 ரூபாய், டிசம்பரில் வந்திருக்க வேண்டிய 1,680 ரூபாய்க்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களுக்கான வட்டி. வரி மட்டும் திரையில் மறைந்து பணம் கணக்கில் இருந்திருந்தால் வட்டி குறைந்திருக்காது. ஒப்பந்ததாரரின் நிறுவன எண்ணைக் கொடுத்துத் தங்கள் இணையதளத்தில் பணம் செலுத்திய விவரத்தைப் பார்த்தோம். அங்கும் அந்தச் சம்பள மாதத்துக்குச் சலான் இல்லை. ஆனால் நவம்பர் சம்பளச் சீட்டில் 1,680 ரூபாய் பிடித்தம் தெளிவாக இருக்கிறது.

பில் பாஸ் ஆகவில்லை, அதனால் கட்டவில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். அது அவருடைய பாடு, மருத்துவமனைக்கும் அவருக்கும் உள்ள கணக்கு என்கிறது நிர்வாகம். இரண்டு பேரையும் கட்டுப்படுத்தும் விதி தங்கள் கையில் இருக்கிறது. 1952 ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் பத்தி 30(3), ஒப்பந்ததாரர் மூலம் பணியமர்த்தப்பட்டவர்களுக்கும் இரு பங்குகளையும் செலுத்தும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. பில் பாஸ் ஆனதா இல்லையா என்று அந்தப் பத்தி கேட்கவில்லை. கட்டிய தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து பிடித்துக்கொள்ளச் சட்டத்தின் பிரிவு 8ஏ நிர்வாகத்துக்கு வழி கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பிடித்தப் பட்டியலை, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கும் ஏற்பாடும் பத்தி 36பி-யில் இருக்கிறது. அந்தப் பட்டியலையும் சலானையும் ஒத்துப் பார்த்திருந்தால் 2023 டிசம்பரிலேயே இது பிடிபட்டிருக்கும். பிப்ரவரி மனுவிலும் ஜூன் மனுவிலும் பத்தி 30(3)-ஐக் குறிப்பிட்டோம். ஜூன் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்போதும் அதன் மேல்தான் நிற்கிறோம். சம்பளத்தில் பிடித்த பணம் பிடித்தவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணம் என்று பத்தி 32(3) சொல்வதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

ஒரு மாதம்தானே என்று சொல்ல வேண்டாம். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு 58 வயது நிறையப் போகிறது. அன்று அவருடைய சேவை 9 ஆண்டு 6 மாதம் இருக்கும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓராண்டாகக் கொள்ளப்படுவதால் அவருக்குப் பத்தாண்டு ஆகி மாத ஓய்வூதியம் கிடைக்கும். 2023 நவம்பர் கழிந்தால் 9 ஆண்டு 5 மாதம்; ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். பங்களிப்பு வர வேண்டியிருந்த காலமும் சேவையே என்று ஓய்வூதியத் திட்டம் சொல்கிறது. ஆனால் பாஸ்புக்கில் இல்லாத மாதத்தை, படிவம் 10டி கொடுக்கும் நாளில், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அந்த அம்மா யாரிடம் வாதாடுவார்?

ஆகவே கீழ்க்கண்டவாறு உத்தரவிடக் கோருகிறோம்.

1. 2023 நவம்பர் மாதத்துக்குப் பிரிவு 7ஏ விசாரணை தொடங்கி, முதன்மை வேலையளிப்பவரையும் அதில் சேர்த்து, இரு பங்குகளையும் ஓய்வூதியப் பங்கையும் வசூலித்து ஒவ்வொரு உறுப்பினர் கணக்கிலும் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 15-இல் வரவானால் கிடைத்திருக்கும் வட்டி குறையாமல் ஏற வேண்டும்.

2. ஜூன் மாதப் பதிலை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும்.

3. சம்பளச் சீட்டில் யூ.ஏ.என். எண்ணும் சம்பள மாதமும் தமிழில் அச்சிட ஒப்பந்ததாரருக்கு அறிவுறுத்த வேண்டும்.

4. மாதந்தோறும் 27 ஆம் தேதி நடக்கும் குறைதீர் முகாமை ஒருமுறை மருத்துவமனை வளாகத்தில் நடத்த வேண்டும்.



ஸ்கிரீன்ஷாட், நவம்பர் சம்பளச் சீட்டு, முந்தைய மனுக்களின் ஒப்புகை நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. முதல் கோரிக்கையின் மேல் எடுத்த நடவடிக்கையை விசாரணை எண்ணுடன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: மருத்துவமனை நிர்வாகம், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில்.