பிளட் தின்னர் எழுதும் சீட்டில் விடுபடும் கேள்வி

1/ காலில் ரத்தக்கட்டி வந்த ஒருவருக்கு பிளட் தின்னர் எழுதும் முன் டாக்டர்கள் வரிசையாகக் கேட்பார்கள். அல்சர் இருக்கா? மலத்தில் ரத்தம் போயிருக்கா? கிட்னி எப்படி? பல் பிடுங்கப் போறீங்களா? எல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனா எதிரே இருப்பது 36 வயசுப் பெண்ணாக இருந்தாலும் "பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும்மா, ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" என்ற கேள்வி பெரும்பாலும் வராது. அடுத்த நாலு வாரத்துக்குள் அவருக்கு ரத்தம் போகப் போவது உறுதி என்று நமக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்!

2/ பிளட் தின்னர் என்று சொன்னாலும் இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை நீட்டுகின்றன. இருக்கிற கட்டியையும் இவை கரைப்பதில்லை. அது வளராமல் பார்த்துக்கொள்ளும்; கரைக்கிற வேலையை உடம்பு வாரக்கணக்கில் செய்யும். மாதவிடாய் நிற்பதற்கும் கர்ப்பப்பை உள்சுவரில் திறந்த சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைய வேண்டும். ஒரே மாத்திரை இரண்டு இடத்திலும் அதே வேலையைத்தான் செய்யுது.

3/ எவ்வளவு பேருக்கு அதிகமாகும்? மாதவிடாய் இருக்கும் வயதில் இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களில் மூவரில் இருவர் வரை அதிகப் போக்கு இருப்பதாக ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. இதை அபூர்வமான பக்கவிளைவு என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்பார்த்து முன்னாடியே திட்டம் போட வேண்டிய விஷயம்.

4/ திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கதை சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேருக்கு நடந்ததைச் சேர்த்து ஒருவர் கதையாக எழுதறேன்.

36 வயசு, தையல் கம்பெனி வேலை. வண்டியில் சறுக்கி கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. மூன்றாவது வாரம் தொடை வரை வீக்கம். டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரையில் ரத்தக்கட்டி. ரிவராக்சபான் 15 மில்லிகிராம், சாப்பாட்டோடு காலை ஒன்று, இரவு ஒன்று, 21 நாள். அதற்கப்புறம் தினம் 20 மில்லிகிராம் ஒன்று. சீட்டில் ஒரு தப்பும் இல்லை.

5/ யாரும் கேட்காதது: அவருக்கு எப்பவுமே ஆறு நாள் போகும், முதல் இரண்டு நாள் இரவில் எழுந்து பேட் மாற்றுவார். ஹீமோகுளோபின் 10.1 என்று ரிப்போர்ட்டிலேயே இருந்தது. "லேடீஸுக்கு இது சகஜம்" என்று பக்கத்தைப் புரட்டியாச்சு.

6/ ஒன்பதாவது நாள் பீரியட்ஸ். அதாவது டோஸ் மிக அதிகமாக இருக்கும் அந்த மூன்று வாரத்துக்குள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட், பெரிய பெரிய கட்டியாகப் போகுது. எட்டு நாளாகியும் நிற்கவில்லை. கிளினிக்குக்கு போன் பண்ணினார். கிடைத்த பதில்: "நிக்கிற வரைக்கும் மாத்திரையை நிறுத்துங்க, அப்புறம் பார்க்கலாம்." எப்போ மறுபடி தொடங்கணும்? சொல்லவில்லை. நாத்தனாரும் "அந்த மாத்திரையை இனிமே தொடாதே" என்றார்.

ஆறாவது நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சு வலி. சிடி ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டி. ஹீமோகுளோபின் 7.6.

7/ பிழைத்துக்கொண்டார். ஆனா "பீரியட்ஸ் நிக்கட்டும், அப்புறம் போடலாம்" என்ற அந்த ஒரு வரிதான் நான் எதிர்க்கும் விஷயம். கேட்க ரொம்ப நியாயமா, கரிசனமா இருக்கும். கணக்கைப் பாருங்க.

புதிதாக வந்த ரத்தக்கட்டிக்கு மருந்தே இல்லாமல் விட்டால், முதல் மாதத்தில் மட்டும் 100 பேரில் சுமார் 40 பேருக்கு மறுபடி கட்டி என்பது மருத்துவர்கள் நீண்ட காலமாக வைத்திருக்கும் மதிப்பீடு. அடுத்த இரண்டு மாதம் சேர்த்து இன்னும் 10 பேர். நாள் போகப்போக ஆபத்து குறையும். ஆகவே "மாத்திரையை விடலாமா?" என்ற கேள்விக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு பதில், ஆறாவது மாதத்தில் வேறு பதில்.

8/ இன்னொன்று. ரிவராக்சபான், அபிக்சபான் மாதிரி புது மாத்திரைகள் உடம்பில் ரொம்ப நேரம் தங்காது. ஒரு நாள், ஒன்றரை நாள் விட்டாலே பாதுகாப்பு ஏறக்குறைய போயிடும். ஆறு நாள் விட்டவர், கட்டி வந்த நாலாவது வாரத்தில் ஆறு நாள் மருந்தே இல்லாமல் இருந்தார். அவருக்கு முன்னெச்சரிக்கை என்று சொல்லப்பட்டது அதுதான்.

9/ சரி, அப்போ ரத்தம் போயிட்டே இருக்கட்டுமா? அதுவும் இல்லை. "பிளட் தின்னர்ன்னா அப்படித்தான் போகும், பொறுத்துக்கோங்க" என்று அனுப்புவதும் அதே அளவு தப்பு. ஏன்னா பொறுக்க முடியாத பெண் யாரிடமும் சொல்லாமல் தானே மாத்திரையை விட்டுடுவார். மாதத்தில் ஐந்து நாள் ரகசியமாக விடுபவர்கள் எத்தனையோ பேர். போக்கை அடக்குவதும் கட்டியைத் தடுக்கும் வைத்தியத்தின் பாகம்தான்.

10/ அவர் போன் பண்ணிய அன்றைக்கு என்ன நடந்திருக்கணும்? முதலில் நேரில் வரச் சொல்லணும். நாடி, பிரஷர், ஹீமோகுளோபின், கர்ப்பமா என்ற பரிசோதனை, ஒரு வயிற்று ஸ்கேன். மாத்திரை ஒரு நோயை உண்டாக்காமல், ஏற்கெனவே இருந்த ஃபைப்ராய்டையோ பாலிப்பையோ வெளியே காட்டியிருக்கலாம். 45 வயசுக்கு மேல் என்றால் உள்சுவர் திசு பரிசோதனையும் யோசிக்கணும்.

11/ அடுத்து, மாத்திரையை நிறுத்தாமல் மாற்றுவது. இந்த வகைகளில் ரிவராக்சபானில் மாதவிடாய்ப் போக்கு கூடுதல் என்று பல ஆய்வுகள் ஒரே திசையில் சொல்கின்றன. அபிக்சபானில் அந்த அளவு இல்லை. கட்டியைத் தடுக்கும் வேலையை விடாமல், அடுத்த வேளையிலிருந்தே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம்.

12/ மூன்றாவது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். பார்க்க காப்பர்-டி மாதிரி இருக்கும், ஆனா காப்பர்-டி கிடையாது. காப்பர்-டி போக்கை அதிகமாக்கும். மாற்றிப் போட்டால் கதை கெட்டுவிடும். இதில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்சுவரையே மெலிதாக்கிவிடும். சில மாதங்களில் போக்கு 80 சதவீதத்துக்கு மேல் குறையும். ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஒரு குறை: முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கலாம். அதை முதலிலேயே சொல்லாவிட்டால் "இதுவும் வேலை செய்யலை" என்று எடுத்துவிடச் சொல்வார்கள்.

13/ இங்கேதான் இன்னொரு சண்டை. "ரத்தக்கட்டி வந்தவருக்கு ஹார்மோனா? கூடவே கூடாது!" என்று ஒரு டாக்டர் நிறுத்துவார். பிளட் தின்னர் சாப்பிடாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விஷயத்தில் அது சரி. முழு டோஸில் பிளட் தின்னர் ஓடும்போது நிலைமை வேறு. ரிவராக்சபான் ஆய்வில் பங்கேற்ற பெண்களின் விவரத்தை 2016-இல் அலசியபோது, மருந்து ஓடும் காலத்தில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மறுபடி கட்டி வருவது அதிகமாகவில்லை. ஆகவே அவசரத்துக்குச் சில வாரம் ஹார்மோன் மாத்திரை கொடுத்து போக்கை நிறுத்தலாம். நிபந்தனை ஒன்று: ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஓடுகிறது என்றால், பிளட் தின்னரை நிறுத்தும் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாடியே அதை நிறுத்தணும்.

14/ "டிரானெக்ஸாமிக் ஆசிட் போட்டா நின்னுடுமே?" நிற்கும்தான். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும். ஆனா அது உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்து வைக்கும் மருந்து. கட்டி புதிதாக இருக்கும் வாரங்களில் உடம்பு கரைக்க முயலும் கட்டியையும் அது பிடித்து வைக்கும். அந்தக் காலத்தில் தவிர்ப்போம். சில மாதம் கழித்து, அதிகம் போகும் மூன்று நாலு நாளுக்கு மட்டும், டாக்டர் யோசித்துத் தரலாம். நீங்களா வாங்கிப் போடாதீங்க.

15/ அப்போ பிளட் தின்னரை நிறுத்தவே கூடாதா? நிறுத்தும் நேரம் உண்டு. மயக்கம், பிரஷர் இறங்குது, ஹீமோகுளோபின் வேகமாகச் சரியுது என்றால் நிறுத்தித்தான் ஆகணும். ஆனா அது ஆஸ்பத்திரிக் கட்டிலில், மறுபடி எப்போ தொடங்குவோம் என்ற மணிக்கணக்கோடு எடுக்கும் முடிவு. கட்டி வந்து ஒரு மாதத்துக்குள் என்றால் வயிற்றுப் பெரிய சிரையில் தற்காலிக வலைகூட வைக்க வேண்டி வரலாம். போனில் ஒரு வரியில் சொல்லும் விஷயம் இல்லை இது.

16/ உலோக வால்வு வைத்தவர்கள் தனியா கவனிங்க. உங்களுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மட்டும்தான். மேலே சொன்ன புது மாத்திரைகளுக்கு மாறவே கூடாது. மாற்றிப் பார்த்த ஆய்வுகளைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. போக்கு அதிகமானால் முதலில் ஐஎன்ஆர் பாருங்க. எல்லையைத் தாண்டியிருந்தால் டோஸைச் சரிசெய்தாலே பாதி பிரச்சினை தீரும். சமீபத்தில் மெட்ரோனிடசோல் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா என்றும் சொல்லுங்க, ஐஎன்ஆரை ஏற்றிவிடும். ஐஎன்ஆர் சரியாக இருந்தும் போகிறது என்றால் கர்ப்பப்பை பக்கம்தான் வைத்தியம். நீங்களாக மாத்திரையை விட்டால் வால்விலேயே கட்டி உட்காரும்.

17/ "ஓபியில் 80 பேர் நிக்கிறாங்க, இதெல்லாம் கேட்க நேரம் ஏது?" என்று டாக்டர் நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நாலுதான்: எத்தனை நாள்? ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை பேட் மாற்றுறீங்களா? ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டி போகுதா? இரவில் எழுந்து மாற்றணுமா? அரை நிமிஷம் ஆகும். இரண்டுக்கு "ஆமா" வந்தால் அன்றைக்கே மகப்பேறு டாக்டருக்கு ஒரு சீட்டு, இரும்புச்சத்துக்கு ஒரு வரி. அந்தச் சீட்டில் "பிளட் தின்னரை நிறுத்தக்கூடாத காலம் இந்தத் தேதி வரை" என்று எழுதுங்க. இல்லைன்னா இதய டாக்டர் மகப்பேறு டாக்டரைக் கைகாட்ட, அவர் இதய டாக்டரைக் கைகாட்ட, நடுவில் அந்தம்மா வீட்டுக்குப் போய்விடுவார்.

18/ நம்ம கதையில் உள்ளவருக்கு: ஒரு யூனிட் ரத்தம், இரும்பு ஊசி, ஹெப்பாரின், பிறகு அபிக்சபான். சில வாரம் ஹார்மோன் மாத்திரை, அப்புறம் அந்தச் சாதனம். நாலாவது மாதம் ஹீமோகுளோபின் 11.8. எல்லாமே முதல் நாளே நம்ம ஊரில் கிடைத்தவைதான்.

19/ நீங்களோ வீட்டில் யாரோ இந்த மாத்திரை சாப்பிட்டால், அடுத்த விசிட்டில் அவங்க கேட்கும் வரை காத்திருக்காதீங்க. கூச்சப்படாமல் சொல்லுங்க: "டாக்டர், எனக்கு இத்தனை நாள், இத்தனை பேட் போகுது. மாத்திரையை விடாமல் இதைக் குறைக்க என்ன செய்யலாம்?" யாராவது நிறுத்தச் சொன்னால் உடனே கேளுங்க: "எந்தத் தேதி வரைக்கும்? அதுவரை கட்டி வராம எது தடுக்கும்?" பதில் இல்லைன்னா மாத்திரையை விடாதீங்க, அன்றைக்கே நேரில் போய் இன்னொரு டாக்டரைப் பாருங்க.