பணம் கழிந்தும் நிலுவை

ஆசிரியருக்கு,

வாடகை வண்டிச் செயலியில் யுபிஐ வழியாகக் கட்டணம் செலுத்தும்போது, வங்கியில் பணம் கழிந்தும் அதற்கான உறுதி நிறுவனத்துக்கு வராமல் போவதுண்டு. செயலி அதை நிலுவையாக எழுதிக்கொண்டு, அடுத்த வண்டியைப் பதிய விடாது. கீழ்வேளூரிலிருந்து சிகிச்சைக்காகத் தஞ்சாவூர் சென்ற ஒருவருக்கு 180 ரூபாய் இப்படிச் சிக்கினால், மருத்துவமனை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது யுபிஐ செயலியின் பரிவர்த்தனை விவரத்தை. 'வெற்றி' என்றிருந்தால், அதிலுள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணை வண்டி நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்பி நிலுவையை நீக்கக் கேட்கலாம். 'தோல்வி' என்றிருந்தால் கட்டணம் உண்மையிலேயே பாக்கி. அதை மீண்டும் செலுத்திவிட்டு, கழிந்த பணத்தை வங்கியிடம் கேட்க வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்கு உறுதி கிடைக்காத பணம் பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கி 30 நாள்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வங்கிக்கு 5 நாள் அவகாசம் உண்டு. பயணிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இது நியாயமன்று. அந்த 5 நாள்களுக்கேனும் செயலிகள் புதிய பதிவைத் தடுக்கக் கூடாது.

ஒரு வாசகர்,
கீழ்வேளூர்