"ஏழு வீதம்கூட இல்லை" எண்டு சொல்லாதேங்கோ

கொஞ்ச நாளுக்கு முன்னம் ஒரு யூரியூப் சனல் நடத்துகிற நண்பர்களின் கூட்டத்தில் இருந்தேன். ஒருவர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். சனலுக்கு வருகிற கொமென்ட்டுகளில் ஸ்பாமும் வசையும் சேர்ந்து எத்தனை வீதம் எண்டு மாதாமாதம் எண்ணி வைத்திருந்தார். கோடு கீழே இறங்கிக்கொண்டு போனது. "எங்கட சமூகம் ஆரோக்கியமாத்தான் இருக்கு, இனி மொடரேட்டர் ஒரு ஆள் காணும்" எண்டார். எல்லாருக்கும் சந்தோசம். வீடியோக்களில் முகம் காட்டிக் கதைக்கிற தோழி மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஏன் நான் என்ர வீடியோவுக்குக் கீழ போய்ப் பாக்கிறதையே விட்டிட்டன்?" வந்த பதில்: "நீங்கள் மனசுக்கு எடுக்கிறியள். ஏழு வீதம்கூட இல்லை."

அதற்குப் பிறகு அவள் வீடியோ செய்யவில்லை. வரைபடத்தில் இது எங்கேயும் இல்லை. அவள் போனதால் அடுத்த மாதக் கோடு இன்னும் கீழேதான் போயிருக்கும்.

எண்ணுவதை நான் எதிர்க்கவில்லை. எண்ணாமல் "எல்லாம் நல்லாத்தான் போகுது" எண்டு சொல்லுகிறவர்களைவிட அந்த நண்பர் எவ்வளவோ மேல். ஆனால் ஸ்பாமையும் வசையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதை மொத்தத்தால் பிரித்து, வந்த ஒற்றை எண்ணைச் "சமூக ஆரோக்கியம்" எண்டும் "வேலைப் பளு" எண்டும் அழைப்பது பிழை. அந்த எண் இரண்டையும் அளப்பதில்லை.

ஒரு சனலை மனதில் வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. முதல் மாதம் 1000 கொமென்ட்டுகள் வருகின்றன. 80 ஸ்பாம்: காசு உழைக்கலாம், வட்ஸ்அப்புக்கு வாங்கோ எண்டு ஒரே வரியைக் கொட்டுகிறவை. 20 வசை. மிச்சம் 900 சாதாரணப் பேச்சு. கெட்டவை பத்து வீதம். அடுத்த மாதம் லிங்க் உள்ள கொமென்ட்டுகளைத் தடுக்கிற அமைப்பைப் போட்டதும் ஸ்பாம்காரர் வேறு இடம் பார்த்துப் போகினம். இப்போது ஸ்பாம் 10. வசை 50. சாதாரணப் பேச்சு 840. மொத்தம் 900இல் கெட்டவை 60, அதாவது ஏழு வீதத்துக்கும் குறைவு. கோடு இறங்கிவிட்டது, கைதட்டலாம்.

உள்ளே என்ன நடந்தது? வசை இரண்டரை மடங்காகியிருக்கிறது. ஸ்பாம் குறைந்த வேகம் அதை மறைத்துவிட்டது. ஸ்பாம் எங்கட சமூகத்தைப் பற்றி அனேகமாக ஒன்றும் சொல்வதில்லை. அதை எழுதுவது பெரும்பாலும் மெசின், அதுக்கு வீடியோ என்ன பற்றியது எண்டும் தெரியாது. வசை அப்படியில்லை. அது எங்கட பார்வையாளர் ஒருவர் எங்களில் ஒருவரைப் பார்த்துச் சொல்வது. இரண்டையும் கூட்டுவது வீட்டுக்குள் வந்த நுளம்பையும் வீட்டுக்குள் வந்த கள்ளனையும் ஒன்றாய் எண்ணுவது போல. ஆகவே இரண்டு கோடு வேண்டும். இதைச் செய்ய ஒரு சதம் செலவில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். அந்த 50 வசையில் 38, தோழி கதைத்த இரண்டு வீடியோக்களின் கீழ் விழுந்தன எண்டு வைப்போம். அந்த இரண்டுக்கும் சேர்த்து வந்தவை 190. அப்போது அவளுடைய வீதம் இருபது. ஐந்து பேர் கதைத்தால் அதில் ஒருவர் ஏசுகிறார். மற்ற எல்லா வீடியோக்களிலும் சேர்த்து 710இல் 12, இரண்டு வீதம்கூட இல்லை. "சனலின் சராசரி" எண்டு ஒன்றை அங்கே யாருமே அனுபவிக்கவில்லை. ஆண்கள் இரண்டு வீதச் சனலிலும் அவள் இருபது வீதச் சனலிலும் இருந்தார்கள். அவளைப் பார்த்து "ஏழு வீதம்கூட இல்லை" எண்டு சொன்னால் அது பொய்.

இது சின்னச் சனல்களின் கதை மட்டுமில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியின் மற்ற இடங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, சிங்களத்தில் பேஸ்புக்கில் சுற்றிய வெறுப்புப் பதிவுகள் அதற்கு எண்ணெய் ஊற்றின. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. அந்தப் பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் நவம்பரில் அந்தக் கொம்பனி முதன்முதலாக வெறுப்புப் பேச்சின் அளவை வெளியிட்டது: பத்தாயிரம் பார்வைகளில் 10, 11தான் வெறுப்புப் பேச்சு. பதிவுகளை எண்ணாமல் பார்வைகளை எண்ணியது நல்ல முறை, ஏனெண்டால் ஒருவரும் காணாத வசையும் ஆயிரம் பேர் கண்ட வசையும் ஒன்றில்லை. ஆனால் அது முழு உலகத்தின் சராசரி. எந்த மொழியில், எந்த ஊரில், யாரைக் குறிவைத்து எண்டு அந்த எண் சொல்லாது. திகன மாதிரி ஒரு வாரம் அதற்குள் தடயமில்லாமல் கரைந்துவிடும்.

அடுத்தது, என்னத்தை எண்ணுகிறோம் எண்ட பிரச்சினை. யூரியூப் ஸ்ரூடியோவில் `Held for review` எண்டு ஒரு பகுதி இருக்கு. சந்தேகமான கொமென்ட்டுகளை யூரியூப்பின் பில்டரும், நாங்கள் கொடுத்த தடைச்சொற் பட்டியலும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவைக்கும். அறுபது நாளுக்குள் பார்க்காவிட்டால் அவை அங்கிருந்தும் போய்விடும். பலர் வெளியில் தெரிகிற கொமென்ட்டுகளை மட்டும் எண்ணுகினம். எங்கட இரண்டாம் மாதத்தில் பில்டரைக் கடுமையாக்கியதால் 900இல் 150 நிறுத்தப்பட்டன, அதில் உண்மையில் கெட்டவை 35 எண்டு வைப்போம். வெளியில் 750 இருக்கும், அதில் கெட்டவை 25. வீதம் மூன்று சொச்சம்! சமூகத்தில் ஒருவர்கூட மாறவில்லை, ஒரு பொத்தானை அழுத்தியதுதான் மாற்றம். வெளியில் உள்ளதை எண்ணினால் பில்டரைத்தான் அளக்கிறோம். வந்த எல்லாவற்றையும், நிறுத்தியதையும் அழித்ததையும் சேர்த்து, எண்ணவேணும்.

நிறுத்தப்பட்ட மற்ற 115? அவை ஒரு பிழையும் செய்யாதவை. பில்டருக்கு எங்கட தமிழ் விளங்காது எண்டதுக்கு அதுதான் சாட்சி. "தோட்டக்காட்டான்" எண்ட சொல்லை எடுங்கோ. மலையகத் தமிழரைக் கேவலப்படுத்த வடக்கிலும் கொழும்பிலும் பாவித்த சொல். அதைத் தடைப்பட்டியலில் போட்டால், ஏசுகிறவனின் கொமென்ட்டும் நிற்கும், "பள்ளிக்கூடத்தில என்னை இப்பிடித்தான் கூப்பிட்டவை" எண்டு ஹற்றனிலிருந்து எழுதுகிற பிள்ளையின் கொமென்ட்டும் நிற்கும். அந்தப் பிள்ளை தன் வரி ஏன் தெரியவில்லை எண்டு பார்த்துவிட்டு, திரும்பி வராது. ஏசுகிறவனோ அதே சொல்லை ஆங்கில எழுத்தில் நாலு விதமாய் எழுதி உள்ளே வருவான்.

மறுபக்கம், கெட்ட சொல்லே இல்லாத வசை. "அக்காவுக்கு வீட்டில சமையல் இல்லைப் போல" எண்டதில் எந்தப் பட்டியலும் ஒன்றையும் பிடிக்காது. "நீங்கள் எந்த ஒழுங்கையால வாறனீங்கள் எண்டு தெரியும்" எண்டதில் மரியாதைப் பன்மைகூட இருக்கு. ஆனால் அது மிரட்டல். அந்த ஒரு வரி மற்ற 49 வசையையும்விடப் பாரமானது. அது 900இல் ஒன்று எண்டு எழுதி வைப்பதால் என்ன பயன்? மிரட்டலை வீதத்துக்குள் போடக்கூடாது. தனியாக எண்ணவேணும், அது ஒன்றாக இருந்தாலும் அண்டைக்கே ஒருவர் கையில் எடுக்கவேணும்.

இப்ப வேலைப் பளுவுக்கு வருவோம். "வீதம் குறைஞ்சிட்டுது, ஒரு ஆள் காணும்" எண்டதுதானே முடிவு. ஸ்பாம் ஒன்றைக் கண்டு அழிக்க மூன்று செக்கன் எண்டும், வசையை மேல்கீழ் வாசித்து, பதில்களையும் பார்த்து முடிவெடுக்க ஒரு நிமிடம் எண்டும் வைப்போம். முதல் மாதம் ஸ்பாமுக்கு 4 நிமிடம், வசைக்கு 20 நிமிடம், மொத்தம் 24. இரண்டாம் மாதம் ஸ்பாமுக்கு அரை நிமிடம், வசைக்கு 50 நிமிடம். அதோடு நிறுத்திவைத்த 115 அப்பாவிகளையும் வாசித்து விடுவிக்கவேணும். ஒன்றுக்கு இருபது செக்கன் எண்டாலும் 38 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். வீதம் குறைந்த மாதத்தில் வேலை மூன்றரை மடங்குக்கும் மேல். வேலை கெட்டவற்றின் பங்கால் வருவதில்லை. ஒரு மனிதர் கண்ணால் பார்க்கவேண்டியவற்றின் எண்ணிக்கையாலும் ஒவ்வொன்றுக்கும் போகிற நேரத்தாலும் வருகிறது. அதுவும் மாதம் முழுக்கச் சமமாகப் பரவி வராது. தோழியின் வீடியோ ஏறிய இரவு வந்து குவியும். அந்த இரவுக்கு ஆள் இருக்கா எண்டதுதான் கேள்வி. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பற்றிய தூஷணத்தை வாசிக்கிற மொடரேட்டர் அடுத்த வாரமும் வருவாளா எண்டது இன்னொரு கேள்வி.

"எங்களுக்கு மாதம் இருபதாயிரம் வருது, எல்லாத்தையும் எப்பிடி வாசிக்கிறது?" எண்டு கேட்பியள். வாசிக்கத் தேவையில்லை. குலுக்கல் முறையில் 400ஐ எடுங்கோ. `Top` வரிசையில் மேலே தெரிகிற 400 இல்லை, அந்த வரிசை விருப்பு வாங்கியவற்றை மேலே தூக்கிவிடும். இரண்டு பேர் தனித்தனியே குறியிடுங்கோ, ஒருவராவது அந்த வசை குறிவைக்கிற ஆட்களில் ஒருவராக இருக்கட்டும். இருவரும் ஒத்துப்போகாத கொமென்ட்டுகளை வைத்துக் கதையுங்கோ. எது வசை எண்டு உங்கட குழு உண்மையில் என்ன நினைக்குது எண்டு அப்போதுதான் தெரியவரும். 400இல் 8 கெட்டது எண்டால் இரண்டு வீதம் எண்டு எழுதாதேங்கோ. உண்மை ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் எங்கேயோ இருக்கு எண்டு எழுதுங்கோ. அடுத்த மாதம் மூன்று வந்தால் கூடிவிட்டது எண்டும், ஒன்றரை வந்தால் குறைந்துவிட்டது எண்டும் சொல்ல அந்த மாதிரி இடம் தராது.

இதோடு ஒரு கணக்கையும் சேர்த்து வைக்கச் சொல்லுவேன்: போன மாதம் கொமென்ட் எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் எழுதினார்கள், வீடியோவில் கதைத்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள். எங்கட கணக்கில் சாதாரணப் பேச்சு 900இலிருந்து 840ஆகக் குறைந்ததே, அந்த 60ஐ ஒருவரும் தேடவில்லை. ஏசுகிறவனை எண்டால் எண்ணிவிடலாம், அவன் எழுதுகிறான். ஏச்சுக்குப் பயந்து எழுதாமல் விட்டவளை எந்தக் கொமென்ட் கணக்கிலும் காண ஏலாது.

அடுத்த கூட்டத்தில் அந்த வரைபடத்தைத் திரும்பக் காட்டினால் ஒன்றைக் கேட்பதாக இருக்கிறேன். தோழியின் கதிரை வெறுமையாக இருக்கும். அது எத்தனை வீதம்?